ஆய்வேட்டில் ஒரு சொல்லை நான் மாற்றலாமா? மே மாத நண்டுக் கணக்கு

உப்புக்காத்து, மண்டபம்

ஆறு வருஷமாக மாணவர்களின் ஆய்வேடு, திட்ட அறிக்கை எல்லாம் வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிறேன். பக்கத்துக்கு 20 ரூபாய். இலக்கணம், எழுத்துப்பிழை, காலம், ஒருமை பன்மை, அட்டவணை எண் சரியாக வந்திருக்கிறதா, நூற்பட்டியல் ஒரே மாதிரி இருக்கிறதா, இவ்வளவுதான் வேலை. இத்தனை நாளில் பெரிய குழப்பம் வந்ததில்லை. இந்த வாரம் ஒன்று வந்துவிட்டது.

எம்.எஸ்சி. மாணவர் ஒருவரின் ஆய்வேடு, 96 பக்கம், ஆங்கிலத்தில். தென்கடல் ஓரம் ஒரு கிராமத்தில் 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை நீல நண்டு எவ்வளவு பிடிபட்டது என்பதுதான் விஷயம். மொழியைப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாம் அத்தியாயத்தில் அட்டவணை. ஐந்து டிராலர் படகுகள், மாதாமாதம் இத்தனை கிலோ என்று பன்னிரண்டு வரிசை. மே மாதத்துக்கு நேராக 910 கிலோ.

நான் படகுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். டிராலர் உட்பட விசைப்படகு எதுவும் கரையை விட்டு நகராது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வலை சரிபார்ப்பதும் படகுக்கு வர்ணம் அடிப்பதும்தான் நடக்கும். அப்படியிருக்க மே மாதத்தில் டிராலர் நண்டு பிடித்தது எப்படி?

மாணவர் பரமக்குடிக்கு அந்தப் பக்கம், கடல் பார்த்து வளராதவர். நாட்டுப்படகைத்தான் டிராலர் என்று எழுதிவிட்டார் என்பது என் ஊகம். ஆய்வேட்டில் 41 இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது. தேடி மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. மாற்றவில்லை, போன் பண்ணிக் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே போட்டுடுங்க, சமர்ப்பிக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு" என்கிறார்.

இதைப் பிழை திருத்தம் என்று சொல்ல முடியுமா? அல்லது அவர் ஆய்வை நான் எழுதுவதாக ஆகிவிடுமா?

---

கீழக்கரை ரஃபீக்

ராத்தா, இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா? தப்பான சொல்லைச் சரியான சொல்லா மாத்துறதுக்குத்தானே காசு வாங்குறீங்க. யுஜிசி விதியே 10 சதவீதம் வரைக்கும் விட்டுவிடுகிறது. 96 பக்கத்தில் 41 சொல் எந்த மூலைக்கு? ஒரு சதவீதம்கூட வராது. மாத்திட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

---

பழைய அச்சகம், ராமநாதபுரம்

ரஃபீக் தம்பி சொல்லும் 10 சதவீதம் வேறு கணக்கு. யுஜிசி 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் அது வருகிறது. பிறர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான அளவு அது. 10 வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷம் கொடுக்கவே முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. ஆய்வேட்டில் யார் கை எவ்வளவு பட்டது என்பதை அந்த எண் அளப்பதில்லை. ஒருவர் முழு ஆய்வேட்டையும் காசு கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கினால் மென்பொருள் சுழியம் காட்டும். அதே ஒழுங்குமுறையில் இது என் சொந்தப் படைப்பு என்று மாணவர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியும் இருக்கிறது. சகோதரியின் கேள்வி அந்த உறுதிமொழியைப் பற்றியது.

நான் முப்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவன். எங்களுக்கு ஒரு பக்கம் மூலப்படி இருக்கும், மறு பக்கம் மெய்ப்பு இருக்கும். மூலத்தில் இருப்பது மெய்ப்பில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மூலத்திலேயே தப்பு இருந்தால் கை வைக்க மாட்டோம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்புவோம். சிவப்பு மை எங்களுடையது, பென்சில் ஆசிரியருக்கு. புதிதாக வந்த பையன் ஒருவன் ஒரு தலவரலாற்றில் ஆண்டைத் தானாகவே சரிசெய்துவிட்டு ஃபோர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவன் போட்ட ஆண்டு சரியானதுதான் என்பது வேறு கதை.

ஆய்வேட்டுக்கு மூலப்படி என்று தாளில் எதுவும் கிடையாது. மூலப்படி கடற்கரையில் நடந்த காரியம். அது மாணவரின் குறிப்பேட்டில் இருக்கும், உங்களிடம் இல்லை. "நாட்டுப்படகு" என்று நீங்கள் மாற்றினால் பார்க்காத மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியதாகிவிடும். அச்சகத்தில் இதற்குப் பென்சில்தான் எடுப்போம்.

ஒன்று கேட்கிறேன். எந்த வலை என்று எழுதியிருக்கிறாரா?

---

டிப்ளமோ மாப்பிள்ளை, தொண்டி

அக்கா வணக்கம். எனக்கும் புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கு, 38 பக்கம், மெக்கானிக்கல். ரெஃபரன்ஸ் எதுவும் போடல. நீங்களே நாலஞ்சு போட்டுத் தருவீங்களா? எவ்வளவு ஆகும்?

---

உப்புக்காத்து

தம்பி, நீங்கள் படித்த புத்தகத்தை நான் எப்படிப் போட முடியும்? படித்தது எது என்று எழுதி அனுப்புங்கள், வரிசைப்படுத்தித் தருகிறேன். இந்த இழையில் வேறு விஷயம் போய்க்கொண்டிருக்கிறது.

ஐயா, வலை பற்றி எழுதியிருக்கிறார். முறையியல் பகுதியில், வலையைச் சாயங்காலம் கடலில் விட்டுவிட்டு விடியற்காலை போய் எடுத்தார்கள் என்று ஒரு வாக்கியம். அதில் இரண்டு இலக்கணப்பிழை இருந்தது, திருத்திவிட்டு நகர்ந்துவிட்டேன். நீங்கள் கேட்ட பிறகுதான் அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன்.

---

வத்தைக்காரர் மகள்

அக்கா, சாயங்காலம் போட்டு விடியக்காலம் எடுப்பது நண்டு வலை. அது அடியில் கிடக்கும், நண்டு வந்து சிக்கும். டிராலர் வலையை இழுத்துக்கொண்டே போகும், போட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது. அதோடு விசைப்படகில் நண்டு மட்டுமா வரும்? இறால், மீன், சங்காயம் என்று எல்லாம் கலந்து வரும். நண்டை மட்டும் தனியாக நிறுத்து எழுதியிருக்கிறார் என்றால் அது வத்தையோ வள்ளமோதான். எங்கப்பா வத்தைதான் வைத்திருக்கிறார். தடைக்காலத்தில் நாங்கள் போவோம், அது விசைப்படகுக்குத்தான் தடை. அதனால் மே மாதம் 910 கிலோ வந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

---

கீழக்கரை ரஃபீக்

பாத்தீங்களா, ராத்தா ஊகம் சரிதான். இப்ப மாத்தலாமே?

---

பாம்பன் காத்தாடி

அவசரப்படாதீங்க. அந்த அட்டவணையில் எத்தனை நாள் கடலுக்குப் போனார்கள் என்று இருக்கிறதா? அதைப் பாருங்கள். பாதிப்பேர் கிலோவை ஒழுங்காக எழுதிவிட்டு நாளில்தான் கோட்டை விடுவார்கள்.

---

உப்புக்காத்து

இருக்கிறது. ஐந்து படகு, மாதம் 26 நாள், ஆக 130 நடை. மே மாதம் 910 கிலோவை 130-ஆல் வகுத்து நடைக்கு 7 கிலோ என்று போட்டிருக்கிறார். அக்டோபரில் 640 கிலோ, நடைக்கு 4.9. வகுத்தலில் தப்பில்லை, நானே கால்குலேட்டரில் சரிபார்த்தேன். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கும் அதே 130.

முடிவுரையில், வருஷம் முழுக்க நடைக்குக் கிடைக்கும் நண்டில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

---

பாம்பன் காத்தாடி

அப்போ வெளிப்படையாகவே பொய்க்கணக்கு. ராமேசுவரம் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பதுதான் ஏற்பாடு. எந்தப் படகாக இருந்தாலும் மாதம் 26 நாள் வரவே வராது. உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறார். நெறியாளருக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள். இந்த மாதிரி ஆளுக்குப் பிழை திருத்திக் கொடுப்பதே தப்பு.

---

வத்தைக்காரர் மகள்

அண்ணே, அந்த மூன்று நாள் நான்கு நாள் கணக்கு ராமேசுவரம் வடகடல் பக்கத்துக்கு. இவர் எழுதியிருப்பது தென்கடலோரக் கிராமம். அதைக் கொண்டுவந்து இங்கே பொருத்தக் கூடாது. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போக மாட்டார்கள், சில ஊரில் வெள்ளிக்கிழமை போக மாட்டார்கள். முப்பதில் நான்கைக் கழித்தால் 26. படகுக்காரரிடம் "எத்தனை நாள் போவீங்க" என்று கேட்டிருப்பார், அவர் "ஞாயிறு தவிர எல்லா நாளும்" என்று சொல்லியிருப்பார். எங்கப்பாவைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். காத்து, வலை கிழிந்தது, கல்யாணம், காய்ச்சல் என்று நின்ற நாளையெல்லாம் யார் கணக்கில் வைப்பார்கள்?

---

பாம்பன் காத்தாடி

சரி, பொய் என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த 26 தப்புதான்.

---

பழைய அச்சகம்

தப்புதான். அது எப்படிப்பட்ட தப்பு என்பது அவர் குறிப்பேட்டைத் திறந்தால்தான் தெரியும்.

சகோதரி, அந்த 41 சொல்லை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். மே மாதக் குளறுபடி கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். தடைக்காலத்தில் டிராலரா என்று வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய ஒரே கேள்வியையும் நீங்களே அடைத்திருப்பீர்கள். 26 அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆய்வேடு பார்வைக்குச் சரியாகவும் உள்ளே தப்பாகவும் வெளியே போயிருக்கும். மொழியில் தெரியும் கோளாறு பல சமயம் உள்ளே இருக்கும் கோளாறு நீட்டுகிற வால். வாலை நறுக்கிவிட்டால் பிறகு பிடிக்க எதுவும் மிஞ்சாது.

நான் இப்படிச் செய்வேன். இலக்கணத் திருத்தமெல்லாம் Track Changes-இல் போகட்டும். அவர் Accept All அழுத்தினாலும் பரவாயில்லை, அதில் பொருள் எதுவும் மாறப்போவதில்லை. பொருள் மாறுகிற இடத்தில் எழுத்தைத் தொடவே மாட்டேன், பக்கத்தில் கருத்துப்பெட்டி மட்டும். Accept All அழுத்தினால் கருத்துப்பெட்டி போகாது, அதைத் தனியாகத்தான் நீக்க வேண்டும். அதனால் அவர் குறைந்தபட்சம் ஒருமுறையாவது அதைப் பார்த்தாக வேண்டும்.

பெட்டியில் எழுதுவது கேள்வியாக இருக்கட்டும், விடை வேண்டாம். "இது நாட்டுப்படகாக இருக்குமோ?" என்று எழுதினால் அவர் ஆமாம் என்று சொல்லி நகர்ந்துவிடுவார். "மே மாதம் விசைப்படகுத் தடைக்காலம். இந்த 910 கிலோ எந்தப் படகில், எந்த வலையில் வந்தது? குறிப்பேட்டின் தேதியைப் பார்க்கவும்" என்று எழுதினால் அவர் குறிப்பேட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

---

விரிவுரையாளர் ஒருவர்

நான் வேறொரு துறையில் ஆய்வு நெறியாளராக இருக்கிறேன், ஊர் பேர் வேண்டாம். பெரியவர் சொல்வதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நடைமுறையை ஒருவராவது சொல்ல வேண்டுமல்லவா? என்னிடம் இந்த வருஷம் ஒன்பது மாணவர்கள். ஆளுக்கு நூறு பக்கம் என்றாலும் 900 பக்கம், அத்தனையும் கடைசி மூன்று வாரத்தில் வரும். வெளியில் திருத்துபவர் ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்தால் உள்ளூர எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

நெறியாளருக்கு நேராக மெயில் அனுப்பும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுப்பவர் மாணவர், நம்பிப் பிரதியைக் கொடுத்தவர் மாணவர். அவர் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொன்னால் அடுத்த மாணவர் தன் பிரதியைக் கொடுக்கவே பயப்படுவார்.

---

பாம்பன் காத்தாடி

பொய் என்று உறுதியாகத் தெரிந்தாலும் சொல்லக் கூடாதா சார்?

---

விரிவுரையாளர் ஒருவர்

உறுதியாகத் தெரிந்தால் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

---

உப்புக்காத்து

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும், கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும். போன வருஷம் ஒருவர் வந்தார். ஒப்புமை 34 வந்திருக்கிறது, பத்துக்குக் கீழே கொண்டுவந்து கொடுங்கள், பக்கத்துக்கு 60 ரூபாய் தருகிறேன் என்றார். மாட்டேன் என்றேன். வேறு எங்கோ கொடுத்து வாங்கிவிட்டு, இலக்கணம் மட்டும் பார்க்கச் சொல்லி மறுபடி என்னிடமே வந்தார். அதுவும் நண்டு ஆய்வுதான். சினை நண்டுக்கு ஆங்கிலத்தில் பெர்ரிட் என்று சொல்வார்கள். பெர்ரி என்றால் பழம் என்று நினைத்து, ஒப்புமையைக் குறைத்தவர் அந்தச் சொல்லையும் விடவில்லை. ஆய்வேடு முழுக்க "பழம் காய்த்த பெண் நண்டு" ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரியாக்கினால் எண் மறுபடி ஏறும், விட்டால் தேர்வாளர் சிரிப்பார். நான் இலக்கணமும் பார்க்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதனால் அந்த மாதம் கேஸ் சிலிண்டருக்கு வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாணவர் அந்த ரகம் இல்லை. ஐயா சொன்ன மாதிரியே கேள்வியை மட்டும் எழுதி இன்று காலை அனுப்பிவிட்டேன். படகைப் பற்றி ஒன்று, வலையைப் பற்றி ஒன்று, 26 நாள் பற்றி ஒன்று. மொத்தம் மூன்று பெட்டிதான்.

---

கீழக்கரை ரஃபீக்

ராத்தா, ஒரு சந்தேகம். கடலோரத்து ஆள் என்பதால்தான் உங்களுக்கு இது பட்டது. திருச்சியில் உட்கார்ந்து திருத்துபவருக்குத் தடைக்காலமே தெரியாது, அவர் பாட்டுக்கு கமாவைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அப்போ துறை தெரிந்தவரிடம் போகும் மாணவருக்கு அதிக உதவி கிடைக்கிறது. அதுவும் ஒரு அநியாயம்தானே?

---

பழைய அச்சகம்

தம்பி இப்போது நல்ல கேள்வி கேட்டுவிட்டார். ஆஸ்திரேலியாவில் தொழில்முறைத் திருத்துநர்களின் அமைப்பு ஆய்வேடுகளுக்கென்று வழிகாட்டி ஒன்று வைத்திருக்கிறது. திருத்துபவர் மொழியோடும் மெய்ப்போடும் நின்றுகொள்ள வேண்டும், உள்ளடக்கமும் அமைப்பும் மாணவருக்கும் நெறியாளருக்கும் உரியவை, யார் திருத்தினார் என்பதை ஆய்வேட்டில் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். திருத்துபவருக்கும் அதே துறைப் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. நீங்கள் கேட்ட அநியாயத்தை நினைத்துத்தான் அதை எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கம் நன்றியுரையில் கடவுள், பெற்றோர், தட்டச்சு செய்தவர், பைண்டிங் கடைக்காரர் வரைக்கும் பெயர் வரும். திருத்தியவர் பெயரை மட்டும் காண முடியாது.

---

உப்புக்காத்து (நான்கு நாள் கழித்து)

பதில் வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அவர் செய்த காரியம் மூன்று பெட்டியையும் நீக்கியதுதான். பிரதி திரும்பி வந்தபோது பெட்டி எதுவும் இல்லை, "ஓகே அக்கா, எல்லாம் சரி பண்ணிட்டேன்" என்று ஒரு வரி மட்டும். Compare போட்டு இரண்டு பிரதியையும் ஒப்பிட்டால் 41 இடத்திலும் டிராலர் நாட்டுப்படகாகியிருக்கிறது, வேறு எதுவும் மாறவில்லை. நான் செய்யாததை அவரே செய்துவிட்டார். அவர் படைப்பு, அவர் மாற்றினார், அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 26 பற்றிய கேள்விக்குப் பதில் இல்லை.

போன் பண்ணி, அந்தக் குறிப்பேடு கையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருந்தது. பழுப்பு அட்டை போட்ட நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, படகுக்காரர் பெயரின் முதல் எழுத்து, கிலோ. வீடியோ காலில் காட்டினார், சில பக்கத்தில் நண்டு ஈரம் பட்டு மை கசிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு லேசானது, இந்தப் பிள்ளை உண்மையாகவே விடியற்காலையில் கரையில் நின்றிருக்கிறது. வத்தைக்காரர் மகள் சொன்னது அப்படியே சரி. "ஞாயிறு தவிர எல்லா நாளும்" என்று ஒரு படகுக்காரர் சொன்னதை வைத்து 26 என்று எழுதிக்கொண்டாராம். எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை.

அவரையே எண்ணச் சொன்னேன். நான் எண்ணவில்லை. மே மாதம் ஐந்து படகுக்கும் சேர்த்து 91 நடைதான். 910 கிலோவை 91-ஆல் வகுத்தால் நடைக்கு 10 கிலோ. அக்டோபரில் 100 நடை, 640 கிலோ, நடைக்கு 6.4. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அக்கா, அப்போ முடிவுரை?" என்றார்.

முடிவுரையில் ஏற்ற இறக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாரே. இப்போது ஆறுக்கும் பத்துக்கும் இடையில் நிற்கிறது. புது முடிவுரையை என்னை எழுதித் தரச் சொன்னார், தனியாகக் காசு தருகிறேன் என்றார். தடைக்காலத்தில் விசைப்படகு இல்லாததால் வத்தைக்கு அதிகம் கிடைத்தது என்று எழுதலாமா என்றும் கேட்டார். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நெறியாளரிடம் இரண்டு அட்டவணையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், எழுதி அனுப்புங்கள், மொழியைப் பார்த்துத் தருகிறேன் என்றேன். கடுப்பாகிவிட்டார் என்று நினைக்கிறேன், போனை வைத்துவிட்டார்.

---

வத்தைக்காரர் மகள்

அக்கா, நீங்கள் சொல்லாமல் விட்டதும் நல்லதுதான். மே மாதம் கூடுவதற்கு விசைப்படகு இல்லாததுதான் காரணம் என்று எங்கப்பாகூட அடித்துச் சொல்ல மாட்டார். அந்த வருஷம் காத்து எப்படி, தண்ணி எப்படி, வலை புதுசா பழசா என்று நாலு இருக்கிறது. ஐந்து படகின் ஒரு வருஷத்துக் கணக்கை வைத்து அதைச் சொல்லிவிட முடியுமா?

---

பழைய அச்சகம்

ஒன்று பாருங்கள். மற்ற மாதங்களுக்கும் நடை எண்ணினாரா? நவம்பர், டிசம்பர்?

---

உப்புக்காத்து

ஐயா, உங்களுக்கு மூக்கு நீளம். டிசம்பரில் 700 கிலோ, 112 நடை. நவம்பருக்கு நோட்டில் பக்கமே இல்லை. மழையும் புயல் எச்சரிக்கையுமாக இருந்ததால் ஊருக்குப் போய்விட்டாராம். ஆனால் அட்டவணையில் நவம்பருக்கு 670 கிலோ என்று இருக்கிறது.

---

பாம்பன் காத்தாடி

அக்டோபர் 640, டிசம்பர் 700. நடுவில் 670. கச்சிதமாக நடுவில்.

---

உப்புக்காத்து

ஆமாம். கேட்டேன், மறைக்கவில்லை. இரண்டுக்கும் சராசரி எடுத்துப் போட்டேன், கட்டம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று நண்பன் சொன்னான் என்றார். நான் முதல் தடவை படித்தபோது அந்த எண்ணைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். மூன்று இலக்கம், கிலோ என்ற அலகு, எழுத்துப்பிழை இல்லை. என் வேலையின்படி அந்தக் கட்டத்தில் குறையே கிடையாது.

---

பழைய அச்சகம்

சராசரி போடுவது தனியாகக் குற்றம் ஆகாது, சராசரி என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டால். எழுதாமல் விட்டால் நிறுக்காத நண்டை நிறுத்ததாகச் சொன்னதாகிவிடும். அந்த அடிக்குறிப்பை அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். அதையும் நீங்கள் எழுதித் தர வேண்டாம், இலக்கணம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி.

---

விரிவுரையாளர் ஒருவர்

அடிக்குறிப்பு போதாது என்பது என் கருத்து. அந்த மாதத்தை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டு, பதினொரு மாதத் தரவு என்று தலைப்பிலேயே எழுத வேண்டும். சராசரி போட்ட மாதத்தைப் பருவகால ஒப்பீட்டில் எப்படிச் சேர்ப்பது? ஏற்ற இறக்கத்தைத் தேடும் ஆய்வில் நடுவில் ஒரு மாதத்தை நாமே சமப்படுத்தி வைத்தால் அது கேள்விக்கே விடையை எழுதிவிடுகிறது.

---

பழைய அச்சகம்

அது நெறியாளர் சொல்ல வேண்டியது சார். நான் சொன்னது திருத்துபவர் எதுவரை போகலாம் என்பதை மட்டும்.

---

விரிவுரையாளர் ஒருவர்

சரிதான். பழக்கதோஷம்.

---

உப்புக்காத்து (மேலும் மூன்று நாள் கழித்து)

பிரதி வந்தது. நடை எண்ணிக்கை மாறியிருக்கிறது, நவம்பருக்கு நேராகக் கோடு போட்டிருக்கிறார், முடிவுரை புதிதாக ஒன்றரைப் பக்கம். வாக்கியங்கள் தட்டுத்தடுமாறி நிற்கின்றன. ஓரிடத்தில் ஒரே வாக்கியம் ஒன்பது வரி ஓடுகிறது. ஆனால் அவர் வாக்கியம் என்று பார்த்ததும் தெரிகிறது, மற்ற அத்தியாயங்களைவிட இதில்தான் அவர் குரல் இருக்கிறது. ஒன்பது வரியை மூன்றாகப் பிரித்தேன். "காரணம்" என்று எழுதியிருந்த இடத்தை "காரணமாக இருக்கலாம்" என்று மாற்றப் போன கையை இழுத்துக்கொண்டு ஒரு பெட்டி போட்டேன். "இதற்கு ஆதாரம் எந்த அட்டவணை?"

நன்றியுரையில் என் பெயரைப் போடலாமா என்று கேட்டார். மொழித்திருத்தம் என்று மட்டும் போடச் சொன்னேன். நெறியாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், வெளியாள் திருத்தியது என்று தெரிந்தால் தேர்வாளர் வேறு மாதிரி நினைப்பாராம்.

---

கீழக்கரை ரஃபீக்

ராத்தா, போன் பேசியது, நோட்டைப் பார்த்தது, இதுக்கெல்லாம் எவ்வளவு வாங்கினீங்க?

---

உப்புக்காத்து

96 பக்கம், 1,920 ரூபாய். புது முடிவுரைக்கு 30 ரூபாய் சேர்த்துக் கொடுத்தார், ஒன்றரைப் பக்கத்துக்குக் கணக்குப் பார்த்து.

---

டிப்ளமோ மாப்பிள்ளை

அக்கா, எல்லாத்தையும் படிச்சேன். நான் படிச்சது ரெண்டு புத்தகம்தான், அதுவும் லைப்ரரில இருந்து, ஒண்ணுக்கு அட்டையே இல்ல. ரெண்டு மட்டும் போட்டா ஏத்துப்பாங்களா?

---

உப்புக்காத்து

ஏற்றுக்கொள்வார்களா என்று உங்கள் சாரிடம்தான் கேட்க வேண்டும். அட்டை இல்லாத புத்தகத்தின் உள்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி, பதிப்பகமும் ஆண்டும் அங்கே இருக்கும்.